மேரி அக்கா போட்ட பட்டியல்

ஆரோக்கியமேரி என்று முழுப்பேர் சொன்னால் எங்கள் கம்பெனியில் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. ஸ்டெனோ மேரி என்றால் கேட் வாட்ச்மேன்கூட வழி சொல்வார். தளேகாவ் தொழிற்பேட்டையில் கார்களுக்கு கியர் பாகங்கள் செய்கிற இடம் எங்களுடையது. அங்கே முப்பத்தொரு வருடமாக அவர்தான் ஸ்டெனோ. நான் வனஜா, அடுத்த அறையில் டைம் ஆபீஸ். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று பார்ப்பது என் வேலை. இருவருக்கும் வீடு சிஞ்ச்வட். பதினாலு வருடமாக ஒரே லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் போய் வருகிறோம். அதனால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். திட்டவும் உண்டு.

அக்காவுக்கு ஒரு பெருமை இருந்தது. தான் அடித்த தாளில் ஒரு தப்பு காட்டினால் வடாபாவ் வாங்கித் தருவேன் என்பார். பதினாலு வருடத்தில் எனக்கு ஒரு வடாபாவ்கூடக் கிடைக்கவில்லை. நான் ஒரு முறை காற்புள்ளி விட்டுப்போனதைக் காட்டினேன். அந்த இடத்தில் காற்புள்ளி ஏன் வரக்கூடாது என்று தளேகாவிலிருந்து சிஞ்ச்வட் வரை வகுப்பு எடுக்கக்கூடியவர் அவர். சில நாள் எனக்கு எரிச்சலாகத்தான் வரும்.

அவர் செய்த வேலையில் முக்கியமானது உள்விசாரணை. தொழிலாளி மேல் குற்றச்சாட்டு வந்தால் கம்பெனிக்குள்ளேயே ஒரு விசாரணை நடக்கும். வெளியிலிருந்து விசாரணை அதிகாரி வருவார். எங்களுக்கு வருகிறவர் நார்மன், எழுபது வயது, தொழிலாளர் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனி சார்பில் பேச எச்.ஆர். மேனேஜர் வசந்தகுமார். தொழிலாளி சார்பில் பேச அவனுடன் வேலை செய்கிற ஒருவர். இந்தியிலும் மராத்தியிலும் எல்லாரும் பேசுவார்கள், நார்மன் அதை ஆங்கிலத்தில் சொல்வார், அக்கா அடிப்பார், ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பேச வாயில்லாத ஒரே ஆள் அங்கே ஸ்டெனோதான்.

கொரோனா முடிந்த சமயத்தில் வாட்ஸாப் செய்திகள் சாட்சியமாக வர ஆரம்பித்தன. ஸ்கிரீன்ஷாட்டைக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தால் இமோஜி எல்லாம் மைக்கறையாகத் தெரியும். இதை எல்லாம் வார்த்தையில் எழுதிக் கொடுங்கள் என்றார் நார்மன். அக்கா அதற்கென்று ஒரு வழிமுறை வகுத்தார். செய்திகளுக்கு வரிசை எண் போட்டு, நேரம் போட்டு, அனுப்பியவர் பேர் போட்டு அடிப்பார். போட்டோவும் வீடியோவும் தாளில் சரியாக வராது என்பதால் அவற்றை எடுத்துக் கடைசியில் இணைப்பாக வைப்பார். இமோஜிக்கு ஒரு பட்டியல் போட்டார். மொத்தம் அறுபத்து நாலு படம், ஒவ்வொன்றுக்கும் பேர், எதிரே பொருள். கண்ணீரோடு சிரிக்கிற மஞ்சள் முகத்துக்குச் சிரிப்பு. கூப்பிய கைக்கு வணக்கம் அல்லது வேண்டுதல். மண்டையோட்டுக்கு மரணம், மிரட்டல். மின்சாரக் கம்பத்துத் தகட்டிலும் ஸ்டோர் ரூம் விஷ டப்பாவிலும் முப்பது வருடமாகப் பார்த்த படம்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. நானும் யோசித்திருக்க மாட்டேன். வசந்தகுமார் அதில் முத்திரை போட்டார், அக்கா கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு விசாரணைக் கோப்பிலும் அந்தப் பட்டியல் இரண்டு பக்கமாக ஒட்டிக்கொண்டது.

போன ஜூலையில் கோகுல்நாத் மேல் குற்றச்சாட்டு வந்தது. தேஹு ரோட்டுத் தமிழ்ப் பையன், இருபத்து மூன்று வயது, மெஷின் ஷாப்பில் பயிற்சி ஆபரேட்டர். ஷிப்ட் குரூப்பில் அவன் சூப்பர்வைசர் சுனில் ஒரு மாலை எட்டு மணிக்கு, நாளைக் காலை ஐந்து மணிக்கே லைனில் வந்து நிற்பேன், யார் தாமதமாக வருகிறார்கள் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே கோகுல்நாத் மூன்று மண்டையோடு போட்டிருக்கிறான். மறுநாள் காலை ஐந்தேகாலுக்கு சுனில் அவனுடைய மெஷின் பக்கத்தில் தரையில் கிடந்த கூலன்ட் எண்ணெயில் வழுக்கி விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. முந்தின இரவு மிரட்டினான், காலையில் எண்ணெயை ஊற்றி வைத்தான் என்று வசந்தகுமார் கணக்கைக் கூட்டிவிட்டார். நிரூபணமானால் வேலை போகும், போலீஸ் புகாரும் போகும் என்று பேச்சு.

பையன் எண்ணெய் சொட்டுவதைக் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டான். மிரட்டவில்லை என்றான். பட்டியல் மிரட்டல் என்றது. இரண்டு அமர்வு முடிந்து, திங்கட்கிழமை கடைசி அமர்வு என்று நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை மாலை ரயிலில் எங்களுக்கு எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஒருத்தி போனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் வராத சிரிப்பு. தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது, பக்கத்தில் இருந்தவள் மேல் சாய்ந்தாள். அவ்வளவு சிரிப்புக்கு நடுவிலும் கட்டைவிரல் மட்டும் போனில் ஒரே இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. அக்கா எட்டிப் பார்த்தார். அடுத்தவர் போனை எட்டிப் பார்க்காதவர் யாராவது அந்தப் பெட்டியில் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். திரையில் வரிசையாக ஆறு மண்டையோடு. எதிர்ப்பக்கத்திலிருந்து பதிலாக இன்னும் நாலு மண்டையோடு வந்தது. சிரிக்கிற முகம் ஒன்றுகூட இல்லை.

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பேகடேவாடி தாண்டியதும் இந்தியில் அந்தப் பெண்ணிடம் கேட்டார். யார் செத்துவிட்டார்கள் என்று அதைப் போடுகிறாய்?

அந்தப் பெண் முதலில் விழித்தாள், பிறகு புரிந்துகொண்டாள். நல்ல பெண், கேலி செய்யாமல் சொன்னாள். தாங்க முடியாத சிரிப்பு வந்தால் செத்தேன் என்று சொல்வதில்லையா, அதுதான் இது. நெட்டில் எல்லாரும் இங்கிலீஷில் 'ஐயாம் டெட்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள், பிறகு அதை எழுதுவதற்குப் பதிலாக மண்டையோட்டைப் போட்டார்கள், அப்படியே பழகிவிட்டது. மஞ்சள் சிரிப்பு முகத்தை ஏன் போடவில்லை என்று அக்கா விடாமல் கேட்டார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது அம்மாக்கள் குரூப்பில் போடுவது, தப்பாக நினைக்காதீர்கள் என்றாள் மற்றவள். காலை வணக்கத்துக்கும் அதையே போட்டு, ஒன்றும் இல்லாத ஜோக்குக்கும் அதையே போட்டு, அதில் சிரிப்பே இல்லாமல் போய்விட்டதாம். மெய்யாகச் சிரித்தால் மண்டையோடு, இல்லையென்றால் வாய்விட்டு அழுகிற முகம். ஒன்று போட்டால் லேசான சிரிப்பு, நிறையப் போட்டால் உருண்டு புரண்ட சிரிப்பு. ஒற்றை மண்டையோடு மட்டும் தனியாக வந்தால் சில சமயம், ஐயோ இந்த அசட்டுத்தனத்தைப் பார்க்க முடியவில்லை என்ற கூச்சமாகவும் இருக்குமாம்.

உண்மையாகவே ஒருவர் இறந்த செய்தி வந்தால்? இரண்டு பேரும் பதறினார்கள். அப்போது யார் அதைப் போடுவார்கள், கூப்பிய கை போடுவோம், வெள்ளை இதயம் போடுவோம், இல்லை இரண்டு வார்த்தை எழுதுவோம். யாரையாவது பயமுறுத்த வேண்டுமென்றால்? முதல் பெண் கொஞ்சம் யோசித்து, வெறும் 'ஓகே' எழுதிப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பேன், அதுவே போதும் என்றாள்.

பிறகு அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். அதில் இரண்டு மண்டையோடு தனித்தனியாக இருந்தது. ஒன்றில் கீழே குறுக்கு எலும்பு உண்டு, விஷத்துக்குப் போடுவது. இன்னொன்றில் எலும்பு கிடையாது, வெறும் மண்டை. அவர்கள் போடுவது வெறும் மண்டை. அக்காவின் பட்டியலில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரிதான் இருந்தது. கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் இரண்டும் ஒரே கறைதானே.

ரயில் தேஹு ரோட்டில் நின்றபோது அந்தப் பெண் சொன்ன ஒரு வார்த்தைதான் அக்காவைச் சாய்த்தது.

"ஆன்ட்டி, வோ மேரா ஹை. ஆப்கா நஹீ."

அது என்னுடைய மண்டையோடு, உங்களுடையது இல்லை. போடுகிறவர்தான் செத்துப்போனார், வாங்குகிறவர் இல்லை. தமிழில் நாமும் சிரித்தே செத்தேன் என்கிறோம், யாரும் போலீஸைக் கூப்பிடுவதில்லை. மூன்று வருடமாக அக்கா அடித்த தாள்களில் மண்டையோடு மட்டும் வாங்கினவர் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

சிஞ்ச்வட்டில் இறங்கியதும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஜெரோஷ் என்று ஒரு பேர் சொன்னார். எனக்குப் பையனை ஞாபகம் இருந்தது. பாக்கியவதியின் மகன். அவர்கள் சர்ச்சில் அக்காவோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற குடும்பம். மூன்று வருடத்துக்கு முன்னால் கணபதி விசர்ஜனத்தில் அப்போதைய சூப்பர்வைசர் ஆடிய ஆட்டத்தின் வீடியோ குரூப்பில் வந்தது, ஜெரோஷ் அதற்கு நாலு மண்டையோடு போட்டான். வீடியோ தாளில் வராது, இணைப்புக்குப் போய்விட்டது. மண்டையோடு மட்டும் வரிசையில் நின்றது, அதற்கு மேலே சூப்பர்வைசரின் ஓவர்டைம் உத்தரவு இருந்தது. பையனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். பாக்கியவதி அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வேறு பெஞ்சுக்குப் போனார், பிறகு லோஹேகாவுக்கே வீடு மாறிப் போனார். தன் மகன் செய்த தப்புக்கு என் மேல் கோபப்படுகிறாள் என்றுதான் அக்கா அப்போது என்னிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் கோகுல்நாத் கோப்பை எடுத்து, வரிசையை முதலிலிருந்து பார்த்தார். சுனிலின் உத்தரவு எட்டு இரண்டுக்கு. மண்டையோடு எட்டு பதினாலுக்கு. நடுவில் பன்னிரண்டு நிமிடம். அந்த நேரங்களைத் தானே அடித்திருந்தார், ஆனால் நடுவில் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எட்டு பதிமூன்றுக்கு சுனில் ஒரு போட்டோ போட்டிருக்கிறார். பாதுகாப்பு வாரத்துக்காக, ஹெல்மெட்டை இப்படிச் சரியாக அணியுங்கள் என்று தன் படத்தையே எடுத்து அனுப்பியிருக்கிறார். ஹெல்மெட்டை முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிப் போட்டிருக்கிறார். தாடை வார் மூக்கின் மேல் தொங்குகிறது. அந்தப் படம் ஒன்பதாவது பக்கத்தில் இணைப்பு ஒன்று என்ற பேரில் அமைதியாகப் படுத்திருந்தது. படத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

அது மட்டும் இல்லை. அதே படத்துக்கு எட்டு பதினாலிலேயே இன்னும் இரண்டு பேர் சிரித்திருந்தார்கள். ஒருவருக்கு வயது நாற்பத்தாறு, இன்னொருவருக்கு நாற்பத்தொன்பது. அவர்கள் மஞ்சள் முகம் போட்டார்கள், பட்டியல்படி சிரிப்பு என்று பதிவானது. ஒரே படம், ஒரே நிமிடம், மூன்று பேர் சிரித்திருக்கிறார்கள். வயதில் சின்னவன் மட்டும் மிரட்டினவன்.

அவர் நேராக வசந்தகுமார் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் கோப்பு அப்படியே இருந்தது. வசந்தகுமார் கோபப்படவில்லையாம், தமிழிலேயே பேசினாராம்.

"அக்கா, லிஸ்ட் தப்புன்னா பழைய ஃபைல் எல்லாம் தப்பாயிடும். நவம்பர்ல உங்க எக்ஸ்டென்ஷன் பேப்பர் என் டேபிளுக்குத்தான் வரும். போயி அண்ணனைப் பாத்துக்கோங்க."

அண்ணன் என்றது பாஸ்கரை. அக்காவின் கணவர். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அது கம்பெனி மருத்துவ அட்டையில் நடக்கிறது. அக்காவுக்கு நவம்பரில் ஐம்பத்தெட்டு, ஓய்வு வயது. இரண்டு வருட நீட்டிப்பு கிடைத்தால் அட்டை இருக்கும், கிடைக்காவிட்டால் அட்டை போகும். இதை வசந்தகுமார் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு அந்த ஆளைக் கெட்டவன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நீட்டிப்புக்கு அவர்தான் போன வருடமே பரிந்துரை எழுதி வைத்திருந்தார்.

பேசாமல் இருந்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். மறைப்பானேன், அப்படித்தான் சொன்னேன். கோகுல்நாத்துக்கு வயது இருக்கிறது, வேறு வேலை கிடைக்கும் என்றேன். போலீஸ் புகாரை நான் மறந்தது போல் நடித்தேன்.

சனிக்கிழமை டயாலிசிஸ் வார்டில் நானும் கூட இருந்தேன். நாலு மணி நேரம் மனிதர் அந்த மெஷினோடு கட்டிப்போட்டது போலப் படுத்திருக்க வேண்டும், கையை அசைக்கக்கூடாது. அக்கா அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பாஸ்கர் அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்.

"என்னைக் கேக்காத மேரி. நான் சொன்னா எனக்காகத்தான் சொல்லுவேன்."

அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த விதத்தை நான் எப்படிச் சொல்வது? எந்தப் பக்கம் எழுந்து போனாலும் யாரையாவது மிதிக்க வேண்டும் என்று தெரிந்தவர் உட்காருவது போல இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போகவில்லை. கோகுல்நாத் சார்பில் பேசுகிற கீர்த்தியின் வீட்டுக்குப் போனார். கீர்த்தியும் மெஷின் ஷாப் ஆபரேட்டர்தான். ஸ்டெனோவுக்கு விசாரணையில் வாய் கிடையாது, ஆனால் தொழிலாளி தரப்பு யாரை வேண்டுமானாலும் சாட்சியாகக் கூப்பிடலாம். என்னைக் கூப்பிடு என்றார் அக்கா. கீர்த்தி நம்பாமல் இரண்டு முறை கேட்டாளாம். பிறகு அந்த ஷிப்ட் குரூப்பின் மூன்று மாதப் பேச்சை அவள் போனிலேயே வைத்து அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார், மாலை ஏழு மணி வரை.

திங்கட்கிழமை அக்கா சாட்சி நாற்காலிக்குப் போனதால் டைப் அடிக்க ஆள் இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு விரலில் அடிக்கிறவள் நான். அதனால் அன்று நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் நான் கேட்டேன்.

நார்மனுக்கு முதலில் பிடிக்கவில்லை. முப்பது வருடம் அடித்த ஸ்டெனோ எழுந்து பேசுவது அவருக்கு மேசையே பேசுவது போல இருந்திருக்கும். அக்கா குரல் நடுங்கத்தான் தொடங்கினார், எண்களுக்கு வந்ததும் நடுக்கம் போய்விட்டது. மூன்று மாதத்தில் அந்தக் குரூப்பில் எலும்பில்லாத மண்டையோடு நூற்றுப் பன்னிரண்டு தடவை வந்திருக்கிறது. போட்டவர்களில் இருபத்தேழு வயதுக்கு மேல் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொரு தடவையும் அதற்குச் சற்று முன்னால் ஒரு ஜோக்கோ, தப்பாக எழுதின ஒன்றோ, வேடிக்கையான படமோ இருக்கிறது. பல இடத்தில் போட்டவனே தன்னைக் கேலி செய்துகொண்டு போட்டிருக்கிறான். கோகுல்நாத் மட்டும் பத்தொன்பது தடவை, அதில் ஏழு தன் சொந்தத் தப்புக்கு. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாம் மஞ்சள் முகம். மே மாதம் ஒரு தொழிலாளியின் தகப்பனார் இறந்த செய்தி வந்தது. அன்று சின்னவர் பெரியவர் எல்லாரும் கூப்பிய கை, கோகுல்நாத் உட்பட. அன்று முழுக்க ஒரு மண்டையோடு இல்லை. மரணத்துக்கு அந்தப் பிள்ளைகள் போடாத ஒரே படம் அதுதான் என்றார் அக்கா.

பிறகு ஒன்பதாவது பக்கத்தை எடுத்து எட்டு பதிமூன்றுக்குச் சேர வேண்டிய இடத்தில் வைத்தார். இதை இங்கிருந்து எடுத்தது நான், பட்டியலில் அந்தப் பொருளை எழுதியதும் நான் என்றார். ஹெல்மெட் படத்தைப் பார்த்த நார்மன் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு கோகுல்நாத்திடம், சிரிக்க வேண்டுமென்றால் சிரிக்கிற முகத்தைப் போடுவதற்கென்ன என்று கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"சார், வோ தோ மேரே பாப்பா டால்தே ஹை."

அது அவன் அப்பா போடுவது. அறையில் யாரும் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது.

வசந்தகுமார் எழுந்து குறுக்கு விசாரணை செய்தார். பட்டியலில் இருப்பது உங்கள் கையெழுத்தா? ஆமாம். சரியானது என்று சான்று கொடுத்தீர்களா? ஆமாம். இந்தப் பட்டியலை வைத்து வேறு விசாரணைகளும் முடிந்திருக்கின்றனவா? ஆமாம். அப்படியானால் அவையும் தப்பா? இந்தக் கேள்வியோடு அக்கா நின்றுவிடுவார் என்றுதான் வசந்தகுமார் கதவைச் சாத்தியிருந்தார். அக்கா அவரைப் பார்த்து, ஜெரோஷ் விஷயம் தப்பு, நான் செய்த தப்பு, தெரியாமல் செய்தேன், எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை என்றார். நான் இரண்டு விரலில் அதை அடித்தேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மிரட்டல் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று நார்மன் எழுதினார். எண்ணெயைக் கவனிக்காததற்கு கோகுல்நாத்துக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். வேலை இருக்கிறது. போலீஸ் பேச்சு அதோடு நின்றது.

அக்காவுக்கு நீட்டிப்பு வரவில்லை. பழைய பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது என்று ஒரு வரிக் கடிதம் மட்டும் வந்தது. நவம்பர் கடைசியில் அட்டையும் முடிந்தது. இப்போது பாஸ்கர் அண்ணனை வாரம் மூன்று நாள் தர்ம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், டோக்கன் எடுக்கக் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். சில நாள் மெஷின் கிடைப்பதில்லை, மறுநாள் வரச் சொல்கிறார்கள். அந்த மறுநாளுக்குள் அண்ணனின் கால் வீங்கிவிடுகிறது. அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அக்காவும் சொல்லவில்லை. சரியானதைச் செய்தேன் வனஜா, அது போதும் என்று ஒரு தடவை சொன்னார். அவர் அப்படி நிமிர்ந்து சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. என்னால் முடிந்திருக்காது.

பாக்கியிருந்தது ஜெரோஷ். டிசம்பரில் ஒரு ஞாயிறு, அவனை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு லோஹேகாவுக்குப் போனார். அவன் ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றுகிற கான்ட்ராக்டில் இருக்கிறான். முதுகு வலி என்று அன்று வீட்டில் இருந்தான். பாக்கியவதி கதவைத் திறந்து, எங்களைப் பார்த்து, உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனவர் வெளியே வரவில்லை. விமானம் ஒன்று மேலே போனது, அது போகும் வரை யாரும் பேச முடியவில்லை.

அக்கா எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ரயிலில் பார்த்த பெண்கள், எலும்பில்லாத மண்டை, எட்டு பதிமூன்று, நூற்றுப் பன்னிரண்டு. தன் நீட்டிப்பு போனதைச் சொல்லவில்லை, அந்த அளவுக்கு நேர்மை இருந்தது அவருக்கு. தெரியாமல் நடந்துவிட்டது தம்பி, அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் அப்படி அடித்திருக்கவே மாட்டேன் என்று சொல்லிக் கையைக் கூப்பினார்.

ஜெரோஷ் கோபப்படவில்லை. அவனுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆச்சரியமாகத்தான் கேட்டான்.

"ஆன்ட்டி, நான் சொன்னேன்ல. அன்னிக்கே. ஹஸ் ரஹா தா சார், நான் சிரிச்சேன்னு மூணு தடவ சொன்னேன். நார்மன் சார், பட்டியல்ல இருக்கு, இத எழுத வேணாம்னு சொன்னாரு. நீங்க பக்கத்துலதான் டைப் பண்ணிட்டு இருந்தீங்க."

அக்கா கூப்பிய கையை இறக்க மறந்துவிட்டார். முப்பத்தொரு வருடம் அதிகாரி சொன்னதை மட்டும் அடித்து அடித்து, மற்றவர்கள் பேசியது அவர் காதுக்கு விசிறிச் சத்தம் மாதிரிதான் இருந்திருக்கிறது. அவன் சொல்லும் வரை அது அவருக்கே தெரியாது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெரோஷைப் பற்றிப் பேசவில்லை. இன்னும் எத்தனை பேர் என்ன சொன்னார்களோ என்று மட்டும் கேட்டார். அந்தக் கோப்புகள் எல்லாம் கம்பெனி அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. அவருக்கு இனி கேட்டுக்குள் போகவே அனுமதி கிடையாது.